தவணை மாறாமல் வட்டி மட்டும் ஏறினால் கடன் எத்தனை மாதம் நீளும்: கணக்குப் போடும் முறை

கூட வேலை பார்க்கும் ஒருவர் தன் கடன் விவரத் தாளைக் கொண்டுவந்து காட்டினார். "வட்டி ஏறிவிட்டது என்று கடிதம் வந்தது. ஆனால் கணக்கில் பிடிக்கும் தொகை மாறவே இல்லை. அப்படியென்றால் எனக்கு ஒன்றும் ஆகவில்லைதானே?" என்று கேட்டார். தாளின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். மீதித் தவணைகள் என்ற கட்டத்தில் இருந்த எண் ஆறு வருடம் கூடியிருந்தது. அவர் அந்தக் கட்டத்தை அதுவரை பார்த்ததே இல்லை.

மாறும் வட்டிக் கடனில் வட்டி ஏறும்போது தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டிவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அந்த நீட்சியை நீங்களே கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி என்று கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். ஒரே கடனை எடுத்துக்கொண்டு கடைசி வரை அதையே தொடர்வோம். வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு படியிலும் வரும் எண் அடுத்த படிக்குத் தேவைப்படும்.

1. முதலில் கையில் இருக்க வேண்டிய நான்கு எண்கள்

கணக்குத் தொடங்கும் முன் இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்:

- வட்டி மாறிய தேதியில் பாக்கி இருந்த அசல்
- பழைய வட்டி, புதிய வட்டி இரண்டும்
- மாதத் தவணை
- பழைய வட்டியில் மீதமிருந்த தவணைகளின் எண்ணிக்கை

அதிகம் பேர் தடுமாறுவது முதல் எண்ணில்தான். கடன் வாங்கிய தொகை நன்றாக நினைவில் இருக்கும் என்பதால் அதையே போட்டுவிடுவார்கள். ஆனால் புதிய வட்டி கணக்கிடப்படுவது இன்றைய பாக்கி அசலின் மேல். அதைக் கடன் விவரத் தாளில் இருந்துதான் எடுக்க வேண்டும், அதுவும் வட்டி மாறிய தேதியை ஒட்டிய வரியில் இருந்து.

தவணையிலும் ஒரு கவனம் வேண்டும். சில கடன்களில் காப்பீட்டுத் தொகையும் தவணையோடு சேர்ந்தே பிடிக்கப்படும். அந்தப் பணம் அசலைக் குறைக்காது. அதைக் கழித்துவிட்டு, அசலுக்கும் வட்டிக்கும் போகும் பகுதியை மட்டும் எழுதுங்கள்.

நம் உதாரணம் இது. 30,00,000 கடன், 7% வட்டி, 240 மாதம். தவணை 23,259. சரியாக 24 தவணை கட்டியாயிற்று. பாக்கி அசல் 28,52,104. மீதி 216 தவணை. இப்போது வட்டி 8.5% ஆகிறது. தவணை அதே 23,259.

இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டியும் அசல் ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் கீழாகத்தான் குறைந்திருக்கிறது என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இதுதான் வேர்.

2. ஒரே ஒரு மாதத்தைப் பிரித்துப் பாருங்கள்

முழுக் கணக்குக்குப் போகும் முன் இந்தச் சின்னக் கணக்கைப் போடச் சொல்வேன். கால்குலேட்டர் போதும். பாக்கி அசலை ஆண்டு வட்டியால் பெருக்கி 12-ஆல் வகுத்தால் அந்த மாத வட்டி வரும். தவணையில் அதைக் கழித்தால் மிஞ்சுவது அசலுக்குப் போகிறது.

```
7%  : 28,52,104 × 0.07  ÷ 12 = 16,637   அசலுக்கு 6,622
8.5%: 28,52,104 × 0.085 ÷ 12 = 20,202   அசலுக்கு 3,057
```

வட்டித் தொகை ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்தான் கூடியிருக்கிறது. ஆனால் அசலுக்குப் போகும் பணம் பாதிக்கும் கீழே போய்விட்டது. தவணை மாறாதபோது, வட்டி கூடிய 3,565-ம் முழுக்க முழுக்க அசலின் பங்கில் இருந்துதான் எடுக்கப்படுகிறது. வேறு எங்கிருந்தும் வர வழியில்லை.

கடன் முடிவது அசல் தீரும்போதுதான். அசலைக் கரைக்கும் பணம் இவ்வளவு சுருங்கினால் காலம் நீளாமல் என்ன செய்யும்? வட்டி ஒன்றரை சதவீதம்தான் ஏறியது, காலம் மட்டும் ஏன் இப்படி ஓடுகிறது என்று கேட்பவர்களுக்கு நான் இந்த இரண்டு வரிகளைத்தான் எழுதிக் காட்டுவது வழக்கம்.

இங்கே ஒரு தவறான முடிவுக்கும் போகக் கூடாது. அசலுக்குப் போவது பாதிக்குக் கீழே குறைந்ததால் காலமும் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும் என்று பயப்பட வேண்டாம். அசல் குறையக் குறைய அடுத்த மாத வட்டியும் குறையும், அதனால் அசலுக்குப் போகும் பங்கு மாதாமாதம் வளரும். அந்த வளர்ச்சியையும் சேர்த்துக்கொண்டால்தான் சரியான எண் வரும். அதுதான் அடுத்த படி.

3. புதிய மீதிக் காலத்தைக் கணக்கிடுங்கள்

எக்செல், கூகுள் ஷீட்ஸ் எதுவானாலும் ஒரு காலிக் கட்டத்தில் இதை அடியுங்கள்:

```
=NPER(8.5%/12, -23259, 2852104)
```

விடை 287.5 என்று வரும். அதாவது 287 முழுத் தவணையும், கடைசியில் ஒரு குறைந்த தவணையும். மொத்தம் 288. முன்பு மீதி இருந்தது 216. நீண்டது 72 மாதம், ஆறு வருடம்.

எக்செல் இல்லையென்றால் இதே விடை இந்தச் சூத்திரத்தில் கிடைக்கும். `r` என்பது மாத வட்டி விகிதம், அதாவது 8.5% ÷ 12, `B` பாக்கி அசல், `E` தவணை:

```
n = -ln(1 - r*B/E) / ln(1 + r)
```

இதில் `r*B/E` என்ற பகுதியைப் பாருங்கள். முந்தைய படியில் நாம் கண்டுபிடித்த மாத வட்டியைத் தவணையால் வகுத்ததுதான் அது, வேறொன்றும் இல்லை. 7%-இல் அது 0.72, 8.5%-இல் 0.87. இந்த எண் 1-ஐ நெருங்க நெருங்கக் காலம் எகிறும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஐந்தாவது படியில் திரும்ப வருவோம்.

புதிதாகப் போடுபவர்களிடம் நான் பார்த்த பிழைகள்:

விடை `-88.6` போல எதிர்மறையாக வந்தால், தவணைக்கு முன்னால் கழித்தல் குறி விட்டுப்போயிருக்கும். அசல் நம்மிடம் வந்த பணம், தவணை நம்மிடமிருந்து போகும் பணம். இரண்டுக்கும் எதிரெதிர்க் குறி இருக்க வேண்டும்.

`#NUM!` என்று வந்தால் பெரும்பாலும் `/12` விட்டுப்போயிருக்கும். ஆண்டு வட்டியையே மாத வட்டியாக எடுத்துக்கொண்டு, தவணை வட்டிக்கே போதவில்லை என்று அது சொல்கிறது. `/12` சரியாக இருந்தும் `#NUM!` வந்தால் விஷயம் வேறு, அது தட்டச்சுப் பிழை இல்லை. அதையும் ஐந்தாவது படியில் பார்ப்போம்.

விடை 347 என்று வந்தால் பாக்கி அசலுக்குப் பதில் பழைய 30,00,000-ஐப் போட்டிருக்கிறீர்கள். அதில் கட்டிய 24-ஐக் கழித்து 323 என்று எழுதிக்கொண்டவர்களும் உண்டு. அது தவறு. முதல் 24 தவணையும் 7%-இல் கட்டி முடித்தவை. புது வட்டி அவற்றைத் தொடாது.

4. வரிசை வரிசையாக இறக்கிச் சரிபாருங்கள்

சூத்திரம் தரும் ஒற்றை எண்ணை நம்புவது கடினம். என் அனுபவத்தில், அட்டவணையாக இறக்கிப் பார்த்த பிறகுதான் யாருக்கும் இது மனதில் பதிகிறது. மூன்று நெடுவரிசை போதும். `A` அசல், `B` வட்டி, `C` அசலுக்குப் போவது.

```
A2: 2852104
B2: =A2*8.5%/12
C2: =23259-B2
A3: =A2-C2
```

`B2`, `C2` இரண்டையும் மூன்றாம் வரிக்கு இழுங்கள். அப்புறம் மூன்றாம் வரி முழுவதையும் கீழே இழுத்துக்கொண்டே போங்கள். முதல் மாதம் அசலுக்கு 3,057. இரண்டாம் மாதம் 3,078. மூன்றாம் மாதம் 3,100. மாதம் இருபது சொச்சம்தான் கூடுகிறது. தொடக்கத்தில் கடன் எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பது இங்கே கண்ணுக்கே தெரியும். 288-ஆவது தவணையில் அசல் பூஜ்யத்தைத் தாண்டும்.

கடன் கொடுத்தவரின் அட்டவணையில் சில பத்து ரூபாய் அல்லது ஒரு தவணை வித்தியாசம் இருக்கலாம். வட்டி மாதத்தின் நடுவில் மாறியிருந்தால் அந்த மாதத்தை மட்டும் நாள் கணக்கில் பிரித்திருப்பார்கள். அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. ஐந்து, பத்து தவணை வித்தியாசம் வந்தால் மட்டும் காரணம் கேளுங்கள்.

5. அடுத்த ஏற்றத்துக்கும் இப்போதே போட்டு வையுங்கள்

வட்டி 8.5%-இல் நின்றுவிடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதனால் அதே அசல், அதே தவணையை வைத்துக்கொண்டு அரை அரை சதவீதமாக ஏற்றிப் பாருங்கள். நம் கடனுக்கு வருவது இது:

| வட்டி | மீதித் தவணை (சுமார்) |
|---|---|
| 7% | 216 |
| 7.5% | 234 |
| 8% | 256 |
| 8.5% | 288 |
| 9% | 338 |
| 9.5% | 448 |

முதல் அரை சதவீதம் 18 மாதத்தை நீட்டியது. கடைசி அரை சதவீதம் 110 மாதத்தை நீட்டுகிறது. ஏற்றம் ஒரே அளவுதான், விளைவு ஒரே அளவு இல்லை. ஒரு தடவை அரை சதவீதத்துக்கு 18 மாதம் கூடியதைப் பார்த்துவிட்டு, மூன்று தடவைக்கு 54 என்று பெருக்கிக்கொள்பவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் அன்றைய பாக்கி அசலை எடுத்துப் புதிதாகத்தான் போட வேண்டும்.

இந்த ஏணிக்கு ஓர் உச்சி உண்டு. தவணையை 12-ஆல் பெருக்கிப் பாக்கி அசலால் வகுத்தால் அது கிடைக்கும்:

```
23259 × 12 ÷ 2852104 = 9.79%
```

இந்த வட்டியில் மாத வட்டியும் தவணையும் ஒன்றாகிவிடும். அசலுக்கு ஒரு பைசாகூடப் போகாது, கடன் முடியவே முடியாது. அதைத் தாண்டினால் கட்டாத வட்டி அசலோடு சேர்ந்து, கட்டக் கட்டக் கடன் வளரும். `/12` சரியாக இருந்தும் வந்த `#NUM!` இதைத்தான் சொல்கிறது.

நடைமுறையில் கடன் கொடுத்தவர்கள் அவ்வளவு தூரம் விடமாட்டார்கள். கடனுக்கு உச்சக் காலம் ஒன்று இருக்கும், கடன் வாங்கியவரின் வயதுக்கும் ஒரு வரம்பு இருக்கும். நீட்சி அந்த வரம்பைத் தொட்டதும் தவணையை ஏற்றிவிடுவார்கள். அதனால் உங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரம்பு எத்தனை மாதம் என்று பார்த்து, மேலே உள்ள அட்டவணையில் எந்த வட்டியில் அதைத் தொடுகிறீர்கள் என்று குறித்து வையுங்கள். அது வரைக்கும்தான் தவணை மாறாமல் இருக்கும்.

6. கடனின் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்

அதே ஒன்றரை சதவீதம் கடனின் கடைசி ஐந்து வருடத்தில் ஏறியிருந்தால்? 60 தவணை மீதமிருக்கும்போது இதே கடனில் பாக்கி அசல் சுமார் 11,74,600. 8.5%-இல் அதன் மாத வட்டி 8,320. தவணையில் அது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். மீதி 60 என்பது 63 ஆகிறது. மூன்றே மாதம்!

தொடக்கத்தில் 72, முடிவில் 3. வட்டி ஏற்றத்தைக் கேட்டதும் எல்லோரும் ஒரே அளவு பதறத் தேவையில்லை. இரண்டாம் படியில் கண்டுபிடித்த மாத வட்டி, தவணையில் பாதிக்கும் கீழே இருந்தால் நீட்சி சிறியதாகத்தான் இருக்கும். முக்கால் பங்கைத் தாண்டியிருந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டுப் போகாதீர்கள், அடுத்த இரண்டு படிகள் உங்களுக்குத்தான்.

7. வட்டி இறங்கினால் தானாகச் சரியாகுமா என்று சோதியுங்கள்

"இன்று ஏறியது நாளை இறங்கும், காலமும் பழையபடி வந்துவிடும்" என்பதை நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். பாதிதான் உண்மை.

நம் கடனில் இரண்டு வருடம் 8.5% இருந்து, அப்புறம் மறுபடி 7%-க்கு இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். வட்டி ஏறாமலே இருந்திருந்தால் அந்த நேரத்தில் அசல் 26,82,000 அளவில் இருந்திருக்கும், 192 தவணை மீதி இருக்கும். ஆனால் இப்போது அசல் 27,72,400. அதை 7%-இல் போட்டால் 205 தவணை வருகிறது.

அதாவது, நீண்ட 72 மாதத்தில் பெரும்பகுதி மறைந்துவிட்டது. 13 தவணை மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது. அந்த இரண்டு வருடத்தில் கரையாமல் போன 90,000 சொச்சம் அசல் இன்னும் பாக்கி இருக்கிறதே, அதற்கான விலை அது. வட்டி உயரத்தில் எவ்வளவு காலம் இருக்கிறதோ, அந்த அளவுக்கு இந்த ஒட்டு பெரிதாகும்.

8. பழைய காலத்துக்குத் திரும்ப என்ன செலவாகும் என்று போடுங்கள்

இரண்டு வழி இருக்கிறது. தவணையைக் கூட்டலாம், அல்லது ஒரு தொகையை மொத்தமாக அசலில் கட்டலாம். இரண்டுக்கும் சூத்திரம் இருக்கிறது:

```
=PMT(8.5%/12, 216, -2852104)
=2852104 - PV(8.5%/12, 216, -23259)
```

முதலாவது 25,825 என்று காட்டும். மாதம் 2,566 கூடுதலாகக் கட்டினால் 216-லேயே முடிந்துவிடும். இரண்டாவது சுமார் 2,83,350. அவ்வளவையும் இப்போதே அசலில் கட்டினால் பழைய தவணையிலேயே 216-இல் முடியும்.

எது மலிவு என்று பார்க்க மொத்தத் தொகையை ஒப்பிடுங்கள். காலத்தை நீளவிட்டால் கூடுதலாகப் போவது சுமார் 71.5 தவணை, ஏறக்குறைய 16,60,000. தவணையைக் கூட்டினால் 2,566 × 216, அதாவது 5,54,000 அளவு. வித்தியாசம் பதினோரு லட்சம். தூரத்து வருடங்களின் பணம் இன்றைய பணத்தைப் போன்றது இல்லை என்பது உண்மைதான், அதனால் இந்தப் பதினோரு லட்சத்தை அப்படியே இன்றைய நஷ்டம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும், கூட்டிக் கட்ட முடிகிறவர்கள் கூட்டுவதே நல்லது என்பது என் கருத்து.

முழு 2,566-ம் முடியவில்லை என்றால் விட்டுவிட வேண்டாம். தவணையை 24,500 ஆக்குங்கள். கூடுதல் 1,241தான், பாதிக்கும் குறைவு. `NPER`-இல் போட்டால் 247 வரும். 288-இல் இருந்து 41 மாதம் வெட்டியாயிற்று. நீட்சியில் பாதிக்கு மேல் போய்விட்டது. முதலில் கூட்டும் பணத்துக்குத்தான் பலன் அதிகம், ஏனென்றால் 3,057-ஆகச் சுருங்கிய அசல் பங்கை அது 4,298 ஆக்குகிறது.

மொத்தமாகக் கட்டுபவர்கள் ஒன்றை எழுத்தில் சொல்லுங்கள்: "தவணை அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள்." சொல்லாவிட்டால் சில இடங்களில் காலத்தை 288-லேயே வைத்துவிட்டுத் தவணையைக் குறைத்துவிடுவார்கள். கட்டிய பணம் வீணாகாது, ஆனால் நீங்கள் நினைத்த இடத்தில் கடன் முடியாது. முன்கூட்டிக் கட்டுவதற்குக் கட்டணம் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

9. அடுத்த மாதத் தாளில் இரண்டு வரியைப் பாருங்கள்

மாற்றம் கேட்ட பிறகு வரும் முதல் விவரத் தாளில், அந்த மாதம் அசலுக்குப் போன தொகை எவ்வளவு என்று பாருங்கள். காலத்தை நீளவிட்டிருந்தால் 3,057 இருக்கும். தவணையை 25,825 ஆக்கியிருந்தால் 5,623 அளவில் இருக்க வேண்டும். அப்புறம் மீதித் தவணை எண்ணைப் பாருங்கள். அது நீங்கள் போட்ட எண்ணோடு ஒன்றிரண்டுக்குள் ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள்.

என்னிடம் வந்தவருக்கு முதல் மாதம் தவணை மட்டும் கூடியிருந்தது, மீதித் தவணை 288-இல் இருந்து ஒன்று குறைந்து 287 என்றே அச்சாகியிருந்தது. அவர் தன் அட்டவணையை அச்செடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். அடுத்த தாளில் 214 என்று வந்தது.